நிறுத்திய பிறகும் உடலில் தங்கும் மருந்து: அமியோடரோன் ஏன் இவ்வளவு சிக்கலானது?

பாராசிட்டமால் மாத்திரை ஒன்றைப் போட்டால், இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய இரண்டு மூன்று மணி நேரம் போதும். மறுநாள் காலையில் அது உடலில் இருந்ததற்கான தடயமே அநேகமாக இருக்காது. இதயத் துடிப்புக் கோளாறுக்குக் கொடுக்கும் அமியோடரோனுக்கு இதே அரை ஆயுள் சராசரியாக 58 நாள். சராசரி என்ற வார்த்தையையும் முழுதாக நம்பிவிட முடியாது. ஒருவருக்கு 15 நாளாக இருக்கும், இன்னொருவருக்கு 142 நாளாக இருக்கும். இந்த மருந்தை எழுதும் மருத்துவர், அடுத்த பல மாதங்களுக்கு நோயாளியின் உடலில் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்.

அமியோடரோனின் பக்க விளைவுகளைப் பற்றிப் பேசும்போது நுரையீரல், தைராய்டு, கல்லீரல், கண், தோல், நரம்பு என்று உறுப்புகளின் வரிசையை ஒப்பிப்பது வழக்கம். அரை ஆயுளைப் பற்றி வேறொரு பக்கத்தில் படிப்போம். என் பார்வையில் இவை இரண்டு விஷயங்கள் அல்ல. எந்தக் குணத்தால் இந்த மருந்து உடலை விட்டுப் போக மறுக்கிறதோ, பெரும்பாலும் அதே குணத்தால்தான் இத்தனை உறுப்புகளையும் பாதிக்கிறது.

இது இதயத் துடிப்பைச் சீராக்குவதற்காக உருவான மருந்தே அல்ல. 1961இல் பெல்ஜியத்தின் லபாஸ் நிறுவனத்தில், நெஞ்சுவலிக்கான மருந்தாகத்தான் இதைத் தயாரித்தார்கள். துடிப்புக் கோளாறுக்கும் இது உதவும் என்று 1970இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிரமா சிங்கும் வாகன் வில்லியம்ஸும் காட்டினார்கள். அர்ஜென்டினாவில் மவுரிசியோ ரோசன்பாம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து அதன் வீரியத்தை உலகுக்குத் தெரியப்படுத்தினார். அமெரிக்காவில் 1985இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் உயிருக்கு ஆபத்தான கீழறைத் துடிப்புக் கோளாறுகளுக்கு மட்டும். நுரையீரல், கல்லீரல் பாதிப்பு குறித்த கடுமையான எச்சரிக்கைக் கட்டத்தோடு இன்றும் அங்கே விற்கப்படுகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறைத் துடிப்புக் கோளாறுக்கு அமெரிக்க அனுமதி இன்றுவரை இல்லை. ஆனால் உலகம் முழுக்க அதற்குத்தான் இது அதிகம் எழுதப்படுகிறது.

சரி, மூலக்கூறுக்கு வருவோம். அமியோடரோன் கொழுப்பில் நன்றாகக் கரையும், தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். கூடவே அது ஒரு வலுக்குறைந்த காரம். கொழுப்பில் கரைவதால் செல்லின் சவ்வை எளிதாகத் தாண்டி உள்ளே போகிறது. செல்லுக்குள் லைசோசோம் என்று ஒரு சிறு பை உண்டு. செல்லின் கழிவுகளை உடைத்துச் செரிக்கும் இடம் அது, உள்ளே அமிலத்தன்மை அதிகம். காரமான அமியோடரோன் அந்த அமிலத்தில் நேர்மின்னேற்றம் பெறுகிறது. மின்னேற்றம் வந்ததும் சவ்வைத் தாண்டி வெளியே வர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. மாட்டிக்கொண்டு சும்மா இருந்தாலும் பரவாயில்லை. பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புகளை உடைக்கும் நொதியின் வேலையையும் அது தடுக்கிறது. உடையாத கொழுப்பு அடுக்கடுக்காகச் சேர்ந்து செல் நுரை நுரையாக வீங்குகிறது. நுரையீரல் திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும்போது தெரியும் நுரைச் செல்கள் இவைதான்.

கொழுப்புத் திசு, கல்லீரல், நுரையீரல், தோல், கண்ணின் கருவிழிப் படலம் என்று எங்கெல்லாம் இந்த மருந்து சேருகிறதோ அங்கெல்லாம் இதே கதை ஏதோ ஓர் அளவில் நடக்கிறது. கருவிழியில் இது நீர்ச்சுழி போன்ற பழுப்புக் கோடுகளாகப் படிகிறது. நீண்ட நாள் சாப்பிடுகிற கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது வரும். பெரும்பாலோருக்குப் பார்வை கெடுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் பல மாதங்களில் தானாக மறையும். வெயில் படும் தோல் சிவந்து எரியலாம், சிலருக்கு முகம் நீலச் சாம்பல் நிறமாக மாறலாம். அந்த நிறம் மங்க ஆண்டுக்கணக்கில் ஆகும், சிலருக்கு முழுதாகப் போகாமலும் இருக்கும். கல்லீரல் நொதிகள் ஏறுவது ஓரளவு சகஜம். அவை இயல்பு அளவைவிட மூன்று மடங்கைத் தாண்டினால் மருந்தைக் குறைப்பது பற்றியோ நிறுத்துவது பற்றியோ யோசிக்க வேண்டும். கை நடுக்கமும், நடையில் தள்ளாட்டமும் வரலாம்.

தைராய்டின் விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே பிரச்சினை மருந்திலுள்ள அயோடின். அமியோடரோனின் எடையில் 37 சதவீதம் அயோடின்தான். 200 மி.கி. மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 75 மி.கி. அயோடின் இருக்கிறது. உடல் அதை உடைக்கும்போது நாளொன்றுக்கு 6 அல்லது 7 மி.கி. தனி அயோடின் வெளியே வருகிறது. ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 0.15 மி.கி. மட்டுமே. தேவையைப் போல நாற்பது மடங்குக்கு மேல் தினமும் கொட்டினால் தைராய்டு சுரப்பி என்ன செய்யும்? சிலருக்கு வேலைநிறுத்தம் செய்து ஹார்மோன் குறைகிறது. சிலருக்கு, குறிப்பாக ஏற்கெனவே சுரப்பியில் கட்டி உள்ளவர்களுக்கு, அளவு மீறிச் சுரக்கிறது. மூன்றாவதாக, மருந்தே நேரடியாகச் சுரப்பிச் செல்களைச் சிதைத்து, உள்ளே சேமித்து வைத்திருந்த ஹார்மோன் இரத்தத்தில் கொட்டுவதும் உண்டு.

இனி அளவு கணக்கு. இந்த மருந்தை எவ்வளவு நாளில் எவ்வளவு கொடுப்பது என்பது பலரையும் குழப்பும், ஏனென்றால் இதில் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் இரண்டு உண்மைகள் உண்டு. ஒரு பக்கம், 58 நாள் அரை ஆயுள். இன்னொரு பக்கம், தீவிர சிகிச்சைப் பிரிவில் 150 மி.கி. ஊசியைப் பத்து நிமிடத்தில் ஏற்றினால், அது முடிந்த அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்ச அளவில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால்தான் உடனே சொட்டு மருந்தைத் தொடங்கி, முதல் ஆறு மணி நேரம் நிமிடத்துக்கு 1 மி.கி., அப்புறம் பதினெட்டு மணி நேரம் நிமிடத்துக்கு அரை மி.கி. என்று ஏற்றுகிறார்கள். இவ்வளவு காலம் தங்குகிற மருந்து எப்படி அரை மணியில் காணாமல் போகிறது? வெடித்துக் கிடக்கும் ஏரிக்கு முதல் தண்ணீர் வந்தால் மேலே நிற்காது, தரை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். அதுபோலத்தான் இதுவும். மருந்து உடலை விட்டுப் போகவில்லை, இரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் போய்விட்டது. திசுக்கள் எல்லாம் நிரம்பிய பிறகுதான் இரத்தத்தில் அளவு நிலைக்கும். அதன் பிறகு மருந்தை நிறுத்தினால், திசுக்களிலிருந்து மெதுவாகக் கசிந்து வருவது மாதக்கணக்கில் நீளும்.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். நிஜ உடல் இதைவிடச் சிக்கலானது, ஆனால் அளவுகளின் பரிமாணம் புரிய இது போதும். வாயால் சாப்பிடும் அமியோடரோனில் சுமார் பாதி உடலில் சேருகிறது என்று வைப்போம். தினமும் 200 மி.கி. என்றால் 100 மி.கி. உள்ளே போகிறது. அரை ஆயுள் 58 நாள் என்றால், ஒவ்வொரு நாளும் சேமிப்பில் 1.2 சதவீதம் வெளியேறுகிறது. வரவும் செலவும் சமமாகும் நிலையில் உடலில் ஏறக்குறைய 8.4 கிராம் அமியோடரோன் தங்கியிருக்கும். அதில் அயோடின் மட்டும் 3 கிராமுக்கு மேல். சாதாரணமாக மனித உடலில் இருக்கும் மொத்த அயோடின் 15 முதல் 20 மி.கி. தான். அந்த 3 கிராமில் பெரும்பகுதி மருந்தோடு பிணைந்தே கிடப்பதால் ஒரேயடியாகத் தைராய்டை அடைவதில்லை, அந்த அளவுக்கு நல்லது.

வெறும் 200 மி.கி. மாத்திரையை முதல் நாளிலிருந்தே கொடுத்துக்கொண்டு போனால் இந்தச் சமநிலைக்கு அருகே வர ஐந்து அரை ஆயுள், அதாவது ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். துடிப்புக் கோளாறோடு அவ்வளவு காலம் யாரும் காத்திருக்க முடியாது. அதனால்தான் ஆரம்பத்தில் ‘லோடிங்’ என்று அதிக அளவு கொடுக்கிறார்கள். ஒரு வழக்கமான முறை: முதல் வாரம் 200 மி.கி. மூன்று வேளை, இரண்டாம் வாரம் இரண்டு வேளை, பிறகு ஒரு வேளை. மொத்தம் 10 கிராம் வாயால் போய்ச் சேர வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. இந்த முறையில் ஏறக்குறைய 29ஆம் நாளில் அந்த 10 கிராம் ஆகிறது. மேலே சொன்ன எளிய கணக்கின்படி அன்று உடலில் 4 கிராம் இருக்கும். லோடிங் இல்லாமல் தினம் ஒன்று என்று போயிருந்தால் அதே நாளில் 2.5 கிராம்தான் இருந்திருக்கும்.

இதிலிருந்து நடைமுறையில் சில விஷயங்கள் விளங்கும். ஒரு நாள் மாத்திரையை மறந்துவிட்டால் சேமிப்பில் 1.2 சதவீதம் குறையும், அவ்வளவுதான். பதறி அடுத்த நாள் இரண்டாகப் போட வேண்டியதில்லை. அதேபோல 200இலிருந்து 100 மி.கி.க்குக் குறைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து ‘நடுக்கம் குறையவில்லையே’ என்று முடிவுக்கு வர முடியாது. சேமிப்பு புதிய நிலைக்கு இறங்க மாதங்கள் ஆகும். மருந்தைத் தொடங்கி மூன்று நாளில் துடிப்பு சீராகவில்லை என்றால் மருந்து தோற்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. இரத்தத்தில் அளவைப் பார்த்துத் தீர்மானிக்கலாமே என்று தோன்றும். பார்க்க முடியும், ஆனால் இரத்த அளவுக்கும் திசுக்களில் நடக்கும் நச்சுப் பாதிப்புக்கும் நம்பகமான தொடர்பு இல்லை. ஆக, பெரும்பாலான மருந்துகளில் வேலை செய்யும் ‘கொடுத்துப் பார், அளந்து பார், மாற்று’ என்ற பழக்கம் இங்கே ஓடாது.

இப்போது ஒரு நோயாளியை வைத்து இதைப் பார்க்கலாம். இவர் குறிப்பிட்ட ஒரு மனிதர் அல்ல. இந்த மருந்தில் அடிக்கடி காணும் நிகழ்வுகளை ஒரே ஆளிடம் சேர்த்து அமைத்த உதாரணம். வயது 66, எடை 70 கிலோ. முன்பு மாரடைப்பு வந்ததால் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 35 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இப்போது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இரத்தம் உறையாமலிருக்க தினமும் 5 மி.கி. வார்ஃபரின் சாப்பிடுகிறார், இரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் 2.3 என்று சீராக இருக்கிறது. பழைய மாரடைப்பும் பலவீனமான இதயமும் உள்ளவருக்கு ஃப்ளெகய்னைடு போன்ற மருந்துகளைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. மருந்தால்தான் துடிப்பைச் சீராக்க வேண்டும் என்றால் இவருக்கு அமியோடரோனைத் தவிர வேறு பெரிய வழி இல்லை. இந்த மருந்தின் குறைகளை எல்லாம் தெரிந்துகொண்டே எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

தொடங்கும் முன் தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச்., கல்லீரல் நொதிகள், மார்பு எக்ஸ்ரே, நுரையீரல் செயல்திறன் சோதனை, இ.சி.ஜி. எல்லாம் எடுக்கப்பட்டன. இவை பெயருக்கு எடுப்பவை அல்ல. இரண்டு வருடம் கழித்து நுரையீரலில் ஏதோ தெரியும்போது, ‘இது முன்பே இருந்ததா?’ என்ற கேள்விக்கு இந்தப் பழைய படம்தான் பதில். லோடிங் தொடங்கியதும் ஐ.என்.ஆர். ஏற ஆரம்பித்தது. வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அமியோடரோன் தடுப்பதே காரணம். நம் ஊரில் அதிகம் எழுதப்படும் அசினோகுமராலுக்கும் இதே கதைதான். இதிலும் ஒரு பொறி இருக்கிறது: அமியோடரோன் மெதுவாகச் சேருவதால் இந்த விளைவும் மெதுவாகவே ஏறுகிறது, உச்சம் தொட ஏழெட்டு வாரம்கூட ஆகலாம். முதல் வாரம் ஐ.என்.ஆர். சரியாக இருக்கிறதே என்று மாதம் ஒருமுறை சோதனைக்குத் திரும்பினால், ஐந்தாவது வாரத்தில் இரத்தக்கசிவோடு வந்து நிற்பார். நம் உதாரண நோயாளிக்கு வாராவாரம் பார்த்து, இரண்டு மாதத்தில் வார்ஃபரின் 3 மி.கி.யில் நின்றது.

இரண்டு வருடம் நன்றாகப் போனது. அப்புறம் வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, லேசான காய்ச்சல். இதயம் பலவீனமானவருக்கு மூச்சு வாங்கினால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதயச் செயலிழப்புதான். நீர் பிரியும் மருந்தை அதிகப்படுத்தினார்கள். எடை குறைந்தது, சிறுநீரகத்தின் கிரியேட்டினின் ஏறியது, மூச்சு மட்டும் சரியாகவில்லை. எக்கோவில் பழைய நிலையே. இந்த இடத்தில்தான் அமியோடரோன் நுரையீரலைச் சந்தேகிக்க வேண்டும்: நீரை எடுத்தும் மூச்சு சரியாகவில்லை, இதயம் பழையபடியே இருக்கிறது, கையில் அமியோடரோன் சீட்டு இருக்கிறது.

சி.டி. ஸ்கேனில் இரு பக்கமும் திட்டுத் திட்டாக நிழல். அயோடின் சேர்ந்த திசு எக்ஸ் கதிரில் வெளுப்பாகத் தெரியும் என்பதால், அந்தத் திட்டுகள் பக்கத்துத் தசையைவிட வெளுத்திருந்தன. கல்லீரலும் அப்படியே. இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். கல்லீரல் வெளுத்திருப்பது மருந்து சேர்ந்திருப்பதைக் காட்டுமே தவிர, பாதிப்பு வந்ததைக் காட்டாது. நுரைச் செல்களும் அப்படித்தான்: நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் அவை இல்லையென்றால் நோய் இதுவல்ல என்று ஓரளவு சொல்லலாம், இருந்தால் ‘இவர் அமியோடரோன் சாப்பிடுகிறார்’ என்பதைத்தான் உறுதி செய்கிறோம். நுரையீரல் வாயுப் பரிமாற்ற சோதனை ஆரம்பத்தில் எடுத்ததைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது சந்தேகத்தை வலுவாக்கியது. தொற்று இல்லை என்று பார்த்த பிறகு, அமியோடரோன் நுரையீரல் பாதிப்பு என்று முடிவு செய்து மாத்திரையை நிறுத்தினார்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 40 மி.கி. தொடங்கினார்கள்.

வேறு மருந்து என்றால் கதை இங்கே முடிந்திருக்கும். நம் கணக்கின்படி நிறுத்திய அன்று உடலில் 8.4 கிராம் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து அதில் 70 சதவீதம் அப்படியே இருக்கும். இரண்டு மாதத்தில் பாதி, நான்கு மாதத்தில் கால், ஆறு மாதத்தில் ஏறக்குறைய 1 கிராம். முழு வருடம் ஆன பிறகும் 100 மி.கி. அளவில் மிச்சம் இருக்கும். உடைந்து உருவாகும் டீஸ்எதில்அமியோடரோன் என்ற பொருளுக்கும் மருந்தின் குணம் உண்டு, அதுவும் இதுபோலவே மெதுவாகத்தான் வெளியேறும். டயாலிசிஸ் செய்து வெளியே எடுக்கலாமா என்றால் முடியாது. மருந்து இரத்தத்தில் இல்லை, திசுக்களில் இருக்கிறது.

ஆகவே நுரையீரலுக்கு எதிரி இன்னும் உள்ளேயே இருக்கிறது. நம் நோயாளிக்கு இரண்டு வாரத்தில் மூச்சு நன்றாகிவிட்டது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுகிறதே என்று ஆறாவது வாரத்திலேயே வேகமாகக் குறைத்தார்கள். இருமல் திரும்பி வந்தது. சி.டி.யில் புதிய நிழல். இதைப் புது நிமோனியா என்று எண்ணி ஆன்டிபயாடிக் கொடுத்துக் காலம் போக்குவது நடக்கிற விஷயம். ஸ்டீராய்டு குறைந்த வேகம் மருந்து குறைந்த வேகத்தைவிட அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான் காரணம். அளவை மீண்டும் ஏற்றி, இந்த முறை ஆறாவது மாதம் வரை மெல்லக் குறைத்து முடித்தார்கள். இந்தப் பாதிப்புக்கு ஸ்டீராய்டை மாதக்கணக்கில் நீட்டுவதற்குப் பின்னால் இருப்பது இந்த அரை ஆயுள்தான்.

இதே காலத்தில் வார்ஃபரின் கணக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. அமியோடரோன் குறையக் குறைய வார்ஃபரின் சிதைவது மெல்ல மீளும், ஐ.என்.ஆர். இறங்கும், அளவைக் கூட்ட வேண்டும். நிறுத்திய அன்றே பழைய 5 மி.கி.க்குப் போனால் இரத்தம் கசியும். மூன்று மாதம் சோதிக்காமல் 3 மி.கி.யிலேயே விட்டால் பக்கவாதம் வரலாம். இவருக்குச் சிறிது சிறிதாக ஏற்றி ஆறாவது மாதத்தில் 4 மி.கி.க்கு வந்திருந்தது. எல்லாம் எதிர்பார்த்த திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது மாதத்தில் ஐ.என்.ஆர். திடீரென்று 4.8.

அளவு மாறவில்லை, புது மருந்து எதுவும் சேரவில்லை, உணவும் மாறவில்லை. இறங்க வேண்டிய எண் ஏறியிருக்கிறது என்றால் கேட்க வேண்டிய கேள்வி, தைராய்டு எப்படி இருக்கிறது என்பதுதான். தைராய்டு ஹார்மோன் அதிகமானால் உறைவுக் காரணிகள் வேகமாக அழிந்து வார்ஃபரினின் வேலை கூடும். விசாரித்தால், ஒரு மாதத்தில் 5 கிலோ எடை குறைந்திருக்கிறது, துடிப்பும் மறுபடி தாறுமாறாகியிருக்கிறது. தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் குறையும் டி.எஸ்.ஹெச். அளக்க முடியாத அளவுக்குக் கீழே. டாப்ளர் ஸ்கேனில் சுரப்பிக்குள் இரத்த ஓட்டமே அநேகமாகத் தெரியவில்லை. அதிகம் சுரக்கும் சுரப்பி என்றால் இரத்த ஓட்டம் கூடியிருக்கும், ஆக இது சிதைவு வகை. அதிகம் சுரக்கும் வகைக்குச் சுரப்பைத் தடுக்கும் கார்பிமசோல், சிதைவு வகைக்குப் பிரெட்னிசலோன். அதாவது போன மாதம்தான் நிறுத்திய ஸ்டீராய்டை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. நுரையீரலுக்காகக் கொடுத்துக்கொண்டிருந்த ஸ்டீராய்டே தைராய்டையும் அதுவரை அடக்கி வைத்திருந்திருக்கலாம்.

அமியோடரோன் நிறுத்தி ஏழு மாதம் கழித்து அமியோடரோன் நோய். இது விசித்திரம் இல்லை, நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் தைராய்டு கோளாறு தொடங்கலாம். அதனால்தான் நிறுத்திய பிறகும் ஒரு வருடம் வரை டி.எஸ்.ஹெச். பார்க்கச் சொல்வார்கள். இதில் இன்னொரு நுணுக்கம். அமியோடரோன் உடலில் நிறைய இருக்கும்வரை அது ஓரளவு, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து போலவும் நடந்துகொள்கிறது, தைராய்டின் டி4 ஹார்மோன் அதைவிட வீரியமான டி3 ஆக மாறுவதையும் தடுக்கிறது. தைராய்டு மிகுதியால் வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அதுவே மூடி மறைக்கிறது. மருந்து போகப் போக அந்த மூடி விலகுகிறது. எனவே தைராய்டு மிகையான நோயாளியிடம் அமியோடரோனை நிறுத்துவது சில நேரம் அறிகுறிகளைக் கூட்டவும் செய்யும். இதற்கு நேர்மாறாக, ஹார்மோன் குறைவு வந்தவருக்கு அமியோடரோனை நிறுத்த வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது. தைராக்சின் மாத்திரையைச் சேர்த்துக்கொண்டு தொடரலாம்.

வார்ஃபரினுக்குச் சொன்னது இன்னும் சில மருந்துகளுக்கும் பொருந்தும். அமியோடரோனோடு டிகாக்சின் கொடுத்தால் அதைப் பாதியாகக் குறைப்பது வழக்கம், சிம்வாஸ்டாடின் 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது. ஹெபடைடிஸ் சிக்குக் கொடுக்கும் சோஃபோஸ்புவிரோடு சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்கு மெதுவாகலாம் என்று 2015இல் எச்சரிக்கை வந்தது. இவை எல்லாவற்றிலும் ‘இப்போது என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்ற கேள்வி போதாது. நிறுத்தி மூன்று மாதம் ஆனவர் ‘இல்லை’ என்றுதான் சொல்வார், அது பொய்யும் இல்லை. ‘கடந்த ஒரு வருடத்தில் அமியோடரோன் சாப்பிட்டீர்களா?’ என்று கேட்க வேண்டும். மாத்திரையை நிறுத்தும்போது நிறுத்திய தேதியை நோயாளியின் கையேட்டில் எழுதிக் கொடுக்கும் மருத்துவர் பெரிய உதவி செய்கிறார். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அமியோடரோன் உள்ள நுரையீரலுக்கு அதிகச் செறிவில் ஆக்சிஜன் கொடுத்தால், அறுவைக்குப் பின் கடுமையான மூச்சுத் திணறல் வரும் ஆபத்து கூடும் என்பதால் மயக்க மருத்துவருக்கு அந்தத் தேதி தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, அமியோடரோனுக்குப் பதில் என்ன கொடுப்பது? இங்கேயும் அதே அரை ஆயுள் குறுக்கே நிற்கிறது. நிறுத்திய மறுநாளே சோடலால் போன்ற இன்னொரு மருந்தைத் தொடங்கினால் இரண்டும் சேர்ந்து இ.சி.ஜி.யில், இதயக் கீழறை மின்தூண்டலிலிருந்து மீள ஆகும் நேரத்தைக் காட்டும் கியூ.டி. இடைவெளியை நீட்டி, புதிய துடிப்புக் கோளாறையே உண்டாக்கலாம். காத்திருந்தால் அந்தக் காலத்தில் என்ன பாதுகாப்பு என்ற கேள்வி வரும். நிறுத்தியதும் பழைய நோய் உடனே திரும்பாமல் இருப்பது இந்த மந்த நடையின் ஒரு நன்மை. ஆனால் எந்த வாரத்தில் பாதுகாப்பு தீர்ந்துபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் இவருடைய அரை ஆயுள் 15 நாளா 142 நாளா என்பது யாருக்கும் தெரியாது.

அயோடினை எடுத்துவிட்டு, கொழுப்பில் கரையும் தன்மையைக் குறைத்து, அமியோடரோனைப் போலவே செய்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்தது ட்ரொனெடரோன். 2009இல் அனுமதி பெற்றது. அரை ஆயுள் சுமார் ஒரு நாள்தான், தைராய்டு தொல்லையும் இல்லை. ஆனால் துடிப்பைச் சீராக வைத்திருப்பதில் அமியோடரோனுக்கு இணையாகவில்லை, கடும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில் மரணங்கள் அதிகமானதால் அந்த ஆய்வையே நிறுத்த வேண்டியதாயிற்று. நம் உதாரண நோயாளியின் பலவீனமான இதயத்துக்கு அதை எழுத யாரும் துணிய மாட்டார்கள். அவருக்கு எஞ்சியது, கோளாறை உண்டாக்கும் இதயத் திசுவைக் கத்தீட்டர் வழியாகச் செயலிழக்கச் செய்யும் அப்லேஷன், அல்லது துடிப்பின் ஒழுங்கைப் பற்றிக் கவலைப்படாமல் வேகத்தை மட்டும் பீட்டா பிளாக்கரால் கட்டுப்படுத்துவது. தைராய்டு அடங்கும்வரை இரண்டாவதோடு நிறுத்திக்கொண்டு, டி.எஸ்.ஹெச். இயல்புக்கு வந்த பிறகு அப்லேஷனுக்கு நாள் குறிப்பார்கள். அதுவரை ஐ.என்.ஆரைப் பழையபடி வாராவாரம்தான் பார்க்க வேண்டும்.